ஜீவன ஸ்தானம்னா என்ன? க்ரூப் எடுக்குறப்போ பத்தாம் இடத்தை எப்படிப் படிக்கணும்

பத்தாவது முடிச்ச பிள்ளையோட ஜாதகத்தைப் பாத்துட்டு ஜோசியர் "ஜீவன ஸ்தானாதிபதி செவ்வாய், இஞ்சினியரிங் லைன்தான்"னு சொல்லிடுவார், வீட்டுல உடனே மேத்ஸ் க்ரூப்னு முடிவாயிடும். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஒரு நிமிஷம் யோசிச்சா இந்த அவசரம் வராது.

ஜீவனம், ஸ்தானம் ரெண்டுமே வடமொழிச் சொல். ஜீவனம்னா உயிர் வாழ்றது, அதுல இருந்து உயிர் வாழ என்ன வழி, அதாவது பிழைப்புங்குற அர்த்தம் வந்துச்சு. கோர்ட்டுல சொல்ற ஜீவனாம்சமும் இதே சொல்தான், பிழைப்புக்கான பங்கு. ஸ்தானம்னா இடம். அப்போ ஜீவன ஸ்தானத்துக்கு நேர் தமிழ் 'பிழைப்பிடம்', வழக்கத்துல 'தொழில் வீடு'ன்னும் சொல்றோம், லக்னத்துல இருந்து எண்ணி வர்ற பத்தாம் இடம்தான் அது. இதுக்கே கர்ம ஸ்தானம்னு இன்னொரு பேரும் இருக்கு, கருமாதியை நினைச்சு சிலர் பயந்துடுறாங்க. கர்மம்னா செயல், அவ்வளவுதான், "கருமமே கண்ணாயினார்"னு சொல்றோமே அந்தக் கருமம். அதிபதிக்கு 'உடையவன்'னு அழகான தமிழ் பழைய ஜோதிடப் பாட்டுகள்லயே இருக்கு, 'பத்துக்குடையவன்'. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், சொன்ன உடனே எந்த வீடு, யாரு சொந்தக்காரன்னு புரிஞ்சிடும்.

பேரே பிழைப்பிடம்னு இருக்குல்ல, அப்போ அது சொல்றது எதை வச்சுப் பிழைப்புங்குறதை மட்டும்தான். பள்ளிப் படிப்புக்கு நாலாம் இடம், புத்திக்கு அஞ்சாம் இடம்னு தனித்தனியா இருக்கு. க்ரூப் எடுக்குறது படிப்பு சம்பந்தப்பட்டது, அதனால பத்தை மட்டும் வச்சு க்ரூப் சொல்றது பாதி வேலை.

அடுத்த தப்பு பத்துக்குடையவனோட பேரோட நின்னுடுறது. வராகமிகிரர் பிருஹத் ஜாதகத்துல தொழிலுக்குன்னே ஒரு அத்தியாயம் வச்சிருக்கார், அதுல பத்துக்குடையவன் நவாம்சத்துல எந்தக் கிரகத்தோட வீட்டுல நிக்கிறானோ அந்தக் கிரகத்தோட காரியத்தால பிழைப்புன்னு சொல்றார். நவாம்சம்னா ஒன்பது பங்கு, தமிழ்ல 'ஒன்பான் கூறு'ன்னு சொல்லலாம். ஒரு ராசி 30 பாகை, ஒரு பாகைக்கு 60 கலை, அதை ஒன்பதா வெட்டினா ஒரு கூறு 3 பாகை 20 கலை, ஒவ்வொரு கூறுக்கும் வரிசையா ஒரு ராசி.

ஒரு ஜாதகத்தை எடுத்துப்போம். கடக லக்னம், அதுல இருந்து பத்தாவது மேஷம், உடையவன் செவ்வாய், மேஷத்துல வேற கிரகம் இல்ல (இருந்தா அதையும் சேத்துப் பாக்கணும்). செவ்வாய் கன்னியில 17 பாகையில நிக்குது. கன்னிக்கு நவாம்சம் மகரத்துல ஆரம்பிக்கும், 17 பாகை விழுறது ஆறாவது கூறுல, மகரம் கும்பம் மீனம் மேஷம் ரிஷபம் மிதுனம்னு எண்ணினா மிதுனம், அதோட உடையவன் புதன். நெருப்பு, ஆயுதம், உலோகம்னு செவ்வாயை மட்டும் பாத்து சொன்னவர் இங்க கணக்கு, எழுத்துன்னு புதனுக்கு மாத்திப் பேசணும். கணக்கு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் வேணும், அக்கவுண்டன்ஸிக்கும் வேணும், எழுத்து பத்திரிகை வேலைக்கும் போகும். அப்போ ஜாதகம் இங்க ஒரு திசையைத்தான் காட்டுது, எந்த க்ரூப்புன்னு கை நீட்டல, அதை நாலாம் இடமும் பிள்ளையோட கை எதுல ஓடுதுங்குறதும்தான் முடிக்கும்.

இதுல எங்க சறுக்கும்னா, ஆறாவது கூறு தொடங்குறது 16 பாகை 40 கலையில, நம்ம செவ்வாய் அந்த எல்லையைத் தாண்டி வெறும் 20 கலைதான் வந்திருக்கு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் கிரகத்துக்கு வேற வேற பாகை காட்டுறது உண்டு, இன்னொண்ணுல 16 பாகைன்னு வந்தா அம்சம் ரிஷபம் ஆயிடும், புதன் போய் சுக்கிரன் வந்துடுவார். லக்னமும் அப்படித்தான், சுமாரா 4 நிமிஷத்துக்கு ஒரு பாகை நகரும், கடகத்துல 29 பாகைன்னு இருந்து பிறந்த நேரம் ஒரு அஞ்சாறு நிமிஷம் பிந்தியிருந்தா சிம்ம லக்னம் ஆகி பத்தாம் வீடு ரிஷபத்துக்குப் போயிடும், உடையவனே மாறிடுவான். அதனால ஜாதகத்தைக் கையில வாங்கினதும் கட்டத்தை விட்டுட்டு மொதல்ல லக்னமும் பத்துக்குடையவனும் எத்தனை பாகை எத்தனை கலைன்னு கேளுங்க, எல்லைக்குப் பக்கத்துல இருந்தா ரெண்டு பஞ்சாங்கத்துலயும் கணிச்சுப் பாத்து, ரெண்டும் ஒரே கிரகத்தைச் சொன்னா மட்டும் அதை எடுத்துக்கோங்க.