ரம்மி ஆப்பில் இரண்டு பேருமே தோற்பது எப்படி?

தீபாவளிக்கு மாமா, சித்தப்பா எல்லாம் பாய் விரித்து, புள்ளிக்கு ஐந்து பைசா வைத்து ஆடும் ரம்மியில் யார் தோற்றாலும் காசு அந்தப் பாயை விட்டு எங்கேயும் போகாது. காசு கட்டி ஆடும் ஆப்பில் நடப்பது வேறு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆப் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சம திறமையுள்ள இரண்டு பேர் தலைக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். மொத்தம் 200, கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஜெயித்தவருக்கு 170தான் வரும். அதாவது ஜெயித்தால் 70 லாபம், தோற்றால் 100 நஷ்டம். இருபது ஆட்டம் ஆடி ஆளுக்குப் பத்து ஜெயித்தாலும் 700 வந்து 1000 போயிருக்கும், ஆக இரண்டு பேருக்கும் தலா 300 அவுட், ஆப்புக்கு 600. நட்டமில்லாமல் தப்பிக்கவே நூறு ஆட்டத்தில் 59 ஜெயிக்க வேண்டும்! சீட்டைக் கலைத்துப் போடும் வேலையும் இல்லாததால் ஒரு ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், இருபது ஆட்டம் என்பது ஒரு சாயங்காலம்கூட ஆகாது.

சாதாரண மொபைல் கேமிலும் காசு செலவாகும்தான். ஆனால் 99 ரூபாய்க்கு ஏதோ வாங்கினால் அது செலவு, சினிமா டிக்கெட் மாதிரி, திரும்ப வராது என்று தெரியும். இங்கே போனது திரும்ப வரலாம் என்பதுதான் வினை. ஐநூறு போனதும் ‘எடுத்துட்டு நிறுத்திடலாம்’ என்று அடுத்த ஐநூறு போடுவோம், தோற்கத் தோற்கத் தொகையும் ஏறும்.

ஃபேன்டஸி கிரிக்கெட்டிலும் இதே கதைதான். நிஜ மேட்சில் ஆடுபவர்களிலிருந்து பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி வரும், கேப்டனுக்கு இரண்டு மடங்கு புள்ளி, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. அணித் தேர்வில் நிஜமாகவே அறிவு வேலை செய்யும், சரி. ஆனால் கேப்டன் முதல் பந்தில் அவுட்டானால் அந்த அறிவு எதற்கும் உதவாது. பெரிய போட்டிகளில் பரிசின் பெரும்பங்கு மேலே உள்ள சிலருக்கே போகும், அவர்களிலும் பலர் ஒரே மேட்சுக்குப் பல அணிகளை இறக்குபவர்கள்.

‘இது திறமை ஆட்டம்’ என்பதுதான் கம்பெனிகளின் வாதம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மி, போக்கரை அப்படித்தான் பார்த்தது. ஆனால் மேலே போட்ட கணக்கில் திறமை என்பது யாரிடமிருந்து யாருக்குக் காசு போகிறது என்பதை மட்டும்தான் மாற்றும், கமிஷனைத் தொடாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது. இன்னும் டெலிகிராமில் லிங்க் அனுப்பிக் கூப்பிடும் வெளிநாட்டு ஆப்களில் கமிஷன் எவ்வளவு, எதிரே ஆடுவது ஆளா நிரலா என்று சரிபார்க்க வழியே இல்லை, ஜெயித்த காசை எடுக்கப் போனால் ‘முதலில் இன்னும் ஐயாயிரம் கட்டுங்கள்’ என்று கேட்டாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.