படித்தது எங்கே போனது?

கல்லூரியில் மனநல விழிப்புணர்வு வாரத்தில் வாசிக்க ஒரு கவிதை கேட்டார்கள். இப்படித் தொடங்கினேன்:

ஒரு மாதம் படித்தேன்.
வினாத்தாளைப் பார்த்ததும்
ஒரு வரியும் வரவில்லை.
மாலையில், பேருந்தின் ஜன்னலோரம்
விடைகள் ஒவ்வொன்றாய் ஏறி
என் பக்கத்தில் உட்கார்ந்தன.
படிக்காதவன் என்றார்கள்.
நானும் நம்பிவிட்டேன்.

கடைசி வரிதான் என்னை வருத்துகிறது, ஏனென்றால் அது உண்மையல்ல. அந்த மாணவன் படித்தது தலைக்குள்தான் இருந்தது.

தேர்வுக்கு முன்பே பயம் வந்ததும் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி ரத்தத்தில் அனுப்பும் ஹார்மோன், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை எட்டுகிறது. அங்கிருந்து மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் கிளம்புகிறது. நெஞ்சைப் படபடக்க வைக்கும் அட்ரினலின் சில நொடிகளில் வந்துவிடும். கார்டிசால் நிதானமாக ஏறி, 20, 30 நிமிடங்களில்தான் உச்சத்தைத் தொடும். நினைவுகளைத் தேடி எடுத்துத் தரும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் கார்டிசாலை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ஏராளம். கார்டிசால் மிகும்போது அந்தத் தேடல் தடுமாறுகிறது.

சுவிட்சர்லாந்தில் டொமினிக் டி குவெர்வைன் குழு 2000-இல் இதைச் சோதித்தது. ஆரோக்கியமானவர்களைச் சில சொற்களை மனப்பாடம் செய்யவைத்தார்கள். மறுநாள் ஒப்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு 25 மில்லிகிராம் கார்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். உடலுக்குள் அது கார்டிசாலாக மாறும். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைவான சொற்களே நினைவுக்கு வந்தன. அதே மாத்திரையை மனப்பாடம் செய்யும் நேரத்தில் கொடுத்தபோது அந்தக் குறை இல்லை. எடுக்கும் வழிதான் அடைபட்டது, சேமித்தது அழியவில்லை. அதனால்தான் கவிதையில் விடைகள் மாலையில் வந்து சேர்கின்றன.

கார்டிசால் போதும் என்று ஹைப்போதலாமஸுக்குச் சொல்லும் வேலையிலும் ஹிப்போகாம்பஸுக்குப் பங்கு உண்டு. மன அழுத்தம் வாரக்கணக்கில் நீடித்தால் இந்த பிரேக் தளரக்கூடும். மனச்சோர்வு உள்ள பலரிடம் இந்தத் தளர்ச்சி தென்படுகிறது, எல்லோரிடமும் அல்ல. ஆகவே ரத்தத்தில் கார்டிசாலை அளந்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவர் நாட்களைக் கேட்பார். மன வாட்டமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரமாக அநேகமாகத் தினமும் இருக்கிறதா, அதோடு தூக்கம், பசி, கவனம் ஆகியவையும் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பார். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் மட்டும் இரண்டு வாரக் கணக்கு கிடையாது. அன்றைக்கே உதவி தேட வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.

கவிதையின் மீதியை அந்த எண்ணோடுதான் எழுதினேன்:

ஒருநாள் மறதி
மாலையில் வீடு திரும்பும்.
பதினைந்து நாளாய்
உன் கேரம் பலகையில் தூசி.
மெஸ்ஸில் உன் தட்டு காய்ந்தே கிடக்கிறது.
விடியும்வரை உன் அறையில் விளக்கு.
டேய், எத்தனை நாளாய் இப்படி?
ஒன்று நான்கு நான்கு ஒன்று ஆறு.
நான் போட்டுத் தருகிறேன்,
நீ பேசு.