எல்லாக் கம்பமும் ஒரே உயரம், ஆனால் எல்லா லோடும் ஒரே அளவு இல்லை

காரைக்குடியைச் சுற்றியுள்ள சிறு தொழில்களுக்குக் கணக்கும் அறிக்கையும் தயார் செய்து கொடுப்பது என் வேலை. சதவீதக் கம்பப் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் ஒரே தவறை இந்த வருடம் மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். முதலில் ஒரு பலகாரக் கடை, அடுத்து ஒரு சேலைக் கடை, இப்போது ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறை.

பட்டறைக்காரர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். எக்செலில் 100% Stacked Column என்று இருக்குமே, அந்த வகை. சென்னை, மதுரை, கோவை, பெங்களூரு என்று நான்கு கம்பங்கள். ஒவ்வொன்றிலும் முழுசாகப் போய்ச் சேர்ந்த கல் பச்சை, உடைந்த கல் சிவப்பு. பெங்களூருக் கம்பத்தில் 30 சதவீதம் சிவப்பு. சென்னையில் 8, கோவையில் 5, மதுரையில் 4.

"பெங்களூருதான் தம்பி நம்மளக் கவுக்குது. லாரி ஆளை மாத்தியாச்சு, மரப்பெட்டிக்கும் சொல்லியாச்சு" என்றார்.

"அண்ணே, பெங்களூருக்கு எத்தனை கல் போச்சு?"

யோசித்துவிட்டுச் சொன்னார்: "சாம்பிளுக்கு ஒரு 40 கல்."

நாற்பதில் உடைந்தது 12. சென்னைக்குப் போனது 6,000, அதில் உடைந்தது 480. மதுரைக்கு 1,500-ல் 60, கோவைக்கு 460-ல் 23. மொத்தம் உடைந்த 575 கல்லில் 480 சென்னை லோடில் உடைந்தவை. கண்ணாடிமேல் சாயம் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கையால் செய்த கல். அந்த இழப்பு படத்தில் ஒரு மெல்லிய சிவப்புப் பட்டையாக நின்றதால் அவர் கண்ணுக்குப் படவே இல்லை.

"சதவீதமாக மாற்றிவிட்டால் எல்லாரையும் சமமாக ஒப்பிடலாம், அதுதானே நியாயம்?" என்று எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். பொறுமையாகச் சொல்கிறேன். சதவீதம் பொய் சொல்வதில்லை. நூறு கல் அனுப்பினால் எத்தனை உடையும் என்ற கேள்விக்கு அது சரியான பதில். எந்த ஊரில் எனக்கு அதிக நஷ்டம் என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எண்ணிக்கை வேண்டும். இந்தப் படமோ எல்லாக் கம்பத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிடுவதால், 40 கல்லும் 6,000 கல்லும் பார்ப்பவர் கண்ணில் ஒன்றாகிவிடுகின்றன. நாற்பதில் ஒரு கல் கூடுதலாக உடைந்தாலே சிவப்பு 2.5 சதவீதம் ஏறிவிடும். அதே அளவு சென்னைக் கம்பத்தில் ஏற 150 கல் உடைய வேண்டும்!

இதிலிருந்தே இன்னொரு பிழையும் வருகிறது. நான்கு சதவீதங்களையும் கூட்டி நான்கால் வகுத்து, "சராசரி உடைசல் 11.75" என்று எழுதி வைத்திருந்தார். 8,000 கல்லில் 575 உடைந்தால் 7.2 சதவீதம்தான். தயவுசெய்து கம்பங்களின் சதவீதத்தைச் சராசரி எடுக்காதீர்கள்.

போன வருடம் சென்னைக்கு 3,000 கல் போய் 300 உடைந்திருக்கிறது. பத்து சதவீதம் எட்டாகக் குறைந்தது உண்மையான முன்னேற்றம்தான், பேக்கிங் செய்தவர்களுக்கு அந்தப் பாராட்டு சேர வேண்டும். ஆனால் மாற்றிக் கொடுக்க வேண்டிய கல் 180 கூடியிருக்கிறது. சிவப்பு சுருங்கிய படத்தை மட்டும் பார்த்து உபரிக் கல்லைக் குறைத்துச் செய்தால் சென்னைக்காரருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

ஆகவே, ஒவ்வொரு கம்பத்தின் பெயருக்குக் கீழும் மொத்த எண்ணிக்கையை எழுதுங்கள். ஊர்ப் பெயர் A-யிலும் முழுக் கல், உடைந்த கல் B, C-யிலும் இருந்தால், பக்கத்தில் ஒரு கட்டத்தில் இதைப் போட்டு அதையே கம்பத்தின் பெயராகக் கொடுங்கள்:

```
=A2&" - "&TEXT(B2+C2,"#,##0")&" கல்"
```

பெரிய மொத்தம் சிறியதைப் போல ஐந்தாறு மடங்குக்கு மேல் போனால் எழுத்து மட்டும் போதாது, கண் அதைத் தாண்டிவிடும். அப்போது அதே வரிசையில், உடைந்த கல்லின் எண்ணிக்கைக்குத் தனியாக ஒரு சாதாரணக் கம்பப் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். பணமோ சரக்கோ ஒதுக்கும் முடிவு என்றால், மடங்கு எதுவானாலும் அந்த இரண்டாவது படம் வேண்டும். கம்பத்தின் அகலத்தை எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். இங்கே அதுவும் உதவாது. 8,000-ல் 40 வெறும் கோடாகிவிடும். அவ்வளவு சிறிய மொத்தத்துக்குக் கம்பமே போடாமல் "40-ல் 12" என்று எழுதிவிடுவது நல்லது.

ஒவ்வொரு லோடிலிருந்தும் சரியாக 100 கல் எடுத்துப் பரிசோதித்தீர்கள் என்றால் எல்லாக் கம்பத்துக்கும் மொத்தம் ஒன்றுதான், அதைத் தலைப்பில் ஒரு தடவை சொன்னால் போதும்.

பட்டறைக்காரருக்கு இரண்டு படத்தையும் சேர்த்து வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மரப்பெட்டிக்காரருக்குப் போன் போட்டு, "பெங்களூரு பெட்டி இருக்கட்டும். சென்னை லோடுக்கு என்ன விலை ஆகும், சொல்லுங்க" என்று கேட்டார்.