சிங்கப்பூர் போனதும் ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள்

வேலைக்கு வெளிநாடு புறப்படுகிறவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது தவறாமல் வரும் கேள்வி: "ரோமிங் பேக் போடவா, அங்கேயே சிம் வாங்கவா, இ-சிம் எடுக்கவா?" எது மலிவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பேங்க் ஓடிபி எந்த நம்பருக்கு வரும் என்று கேட்பவர் குறைவு.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கட்டட வேலைக்காக சிங்கப்பூர் போனார். இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஊர் சிம்மைப் பர்ஸில் செருகிவிட்டார். ரீசார்ஜும் செய்யவில்லை. தங்கை கல்யாணத்துக்குத் தன் கணக்கிலிருந்து பணம் அனுப்பப் பார்த்தபோது ஓடிபி வரவில்லை. 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் பிரீபெய்டு நம்பரை நிறுவனம் துண்டிக்கலாம். பிறகு அதே நம்பர் வேறொருவர் கைக்கும் போகலாம். துண்டிக்காமல் இருந்தாலும், பர்ஸில் செருகிய சிம் தொலைந்துபோனால் டூப்ளிகேட் சிம் வாங்க அவரே ஊருக்கு வந்தாக வேண்டும்.

இரண்டு சிம் போடும் போன் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஊர் சிம்மில், விமானம் ஏறும் முன்பே சர்வதேச ரோமிங் சேவையைத் திறந்துவிடுங்கள். பேக் வேறு, சேவை வேறு. ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு இல்லை. உங்கள் பிளானில் எப்படி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதனால் மாதக்கணக்கில் தங்குபவருக்கு ரோமிங் பேக் வீண் செலவு. வேலிடிட்டி மட்டும் தீராமல், வீட்டிலிருந்து யாராவது ரீசார்ஜ் செய்துவந்தால் போதும்.

ஆனால் அந்த சிம்மில் டேட்டா ரோமிங் அணைந்திருக்க வேண்டும். உள்ளூர் சிம்மில் டேட்டா தீர்ந்தால் தானாக அடுத்த சிம்முக்கு மாறும் வசதியையும் நிறுத்துங்கள். பலருக்குக் காசு போவது இங்கேதான். பேக் இல்லாமல் ரோமிங்கில் கால் எடுத்தாலும் காசு பிடிக்கும். வீட்டாரை வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லுங்கள். இறங்கியபின் ஊர் சிம்முக்கு சிக்னல் வராவிட்டால், செட்டிங்கில் நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

பேச்சுக்கும் டேட்டாவுக்கும் உள்ளூர் பிரீபெய்டு சிம். சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் மூன்று பிரீபெய்டு சிம்தான் பதிய முடியும். "உன் பெயரில் ஒன்று வாங்கிக் கொடு" என்று அறைக்காரர் கேட்டால் கொடுக்காதீர்கள். அதை வைத்து யாராவது மோசடி செய்தால் போலீஸ் உங்களைத்தான் தேடி வரும்.

பயண இ-சிம் பெரும்பாலும் வெறும் டேட்டா. பேச நம்பர் கிடையாது. இறங்கிய முதல் இரண்டு மூன்று நாளுக்கு உதவும், அவ்வளவுதான். அதுவும் எல்லா போனிலும் ஏறாது: `*#06#` அடித்தால் `EID` என்று ஒரு நீண்ட எண் வர வேண்டும்.

ஊர் நம்பரையே இ-சிம்மாக மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், நான் வேண்டாம் என்பேன். போன் கீழே விழுந்து திரை போய்விட்டால், சாதா சிம்மை எடுத்து நண்பரின் போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம். இ-சிம்மை அப்படி உருவ முடியாது.