399 ரூபாய் நைட்டியில் கையில் நிற்பது எவ்வளவு?

வீட்டில் நைட்டி தைத்து ஆன்லைன் தளத்தில் விற்பவர்கள் பலரும் துணி, தையல் செலவைக் கூட்டி, அதன்மேல் நூறோ நூற்றைம்பதோ வைத்து விலை போடுகிறார்கள். ஆர்டர் குவிகிறது, ஆனால் மாதக் கடைசியில் அடுத்த லாட் துணி எடுக்கக் காசு இல்லை. பணம் எங்கே போகிறது என்பதை ஒரே ஒரு நைட்டியை வைத்துப் பார்ப்போம். கீழே உள்ள கட்டணங்கள் உதாரணத்துக்கு. உங்கள் தளத்தின் கட்டண அட்டையில் இருப்பதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மீட்டர் காட்டன் 150 ரூபாய், ஜிப், லேஸ், நூல் 15, தையல் கூலி 50, பிசிறு வெட்டி அயர்ன் செய்ய 5 என 220 ஆகிறது. நீங்களே தைத்தாலும் அந்த 50 ரூபாயை எழுதியே ஆகவேண்டும். அது உங்கள் லாபம் அல்ல, கூலி. உள் கவர், கூரியர் கவர், லேபிள் எல்லாம் சேர்த்து 8. ஆக 228. விலை 399 என்றால் 171 ரூபாய் லாபம் போலத் தெரியும்.

தளம் 12 சதவீதக் கமிஷனாக 48 ரூபாய் எடுக்கிறது. ஆர்டருக்கு நிலைக்கட்டணம் 10, ஷிப்பிங் 65. இந்த மூன்றின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மொத்தம் 145 ரூபாய் கழிந்து உங்கள் கணக்குக்கு வருவது 254. அதில் 228 போக மீதி 26. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தளம் வசூலித்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம், ஆனால் விற்பனை விலைக்குள் இருக்கும் 5 சதவீத வரியையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். பதிவில்லாமல் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளருக்கு தளம் வசூலித்த வரி முழுவதும் செலவுதான்.

இந்த 26 ரூபாயும் நைட்டி திரும்பி வராதவரைதான். நூறு ஆர்டரில் 12 பார்சலை கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள், 8 பேர் பிரித்துப் பார்த்துவிட்டு ரிட்டர்ன் போடுகிறார்கள் என்று வையுங்கள். முதல் வகைக்குப் பல தளங்கள் ஷிப்பிங் வாங்குவதில்லை என்றாலும், வீணான கவரும் மறுபடி அயர்ன் செய்து பேக் செய்வதுமாக ஒன்றுக்கு 15 ரூபாய், மொத்தம் 180. சொந்தமாகக் கூரியர் போட்டால் போக வர இரண்டு கூலியும் உங்கள் தலையில்தான். இரண்டாம் வகையில் திரும்பும் ஷிப்பிங் வரியோடு 106, மறு பேக்கிங் 15, எட்டுக்கு 968. அந்த எட்டில் இரண்டு கறையோடோ துவைத்தோ வந்தால் அவற்றை விற்க முடியாது, இன்னும் 440. கூட்டினால் 1,588.

நின்ற விற்பனை 80. எண்பதை 26-ஆல் பெருக்கினால் 2,080. அதில் 1,588 போக 492. ஒரு நைட்டிக்கு ஆறு ரூபாய்!

சரி, விலையை எப்படி வைப்பது? பின்னாலிருந்து வாருங்கள். பொருளும் பேக்கிங்கும் 228, வரியோடு ஷிப்பிங் 76.70, நிலைக்கட்டணம் 11.80, ரிட்டர்ன் சுமை 20 (1,588-ஐ 80-ஆல் வகுத்தது), வேண்டிய லாபம் 50. கூட்டினால் 386.50. கமிஷன் வரியோடு 14.16 சதவீதம். இங்கேதான் தவறு நடக்கிறது: 386.50-இன்மேல் 14.16 சதவீதத்தைக் கூட்டி 441 என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் கமிஷன் உங்கள் அடக்கத்தின் மேல் அல்ல, விற்பனை விலையின் மேல் பிடிக்கப்படுகிறது. அதனால் 386.50-ஐ 0.8584-ஆல் வகுக்க வேண்டும். விடை 450. விலையை 449 என்று வைக்கலாம். பண்டிகைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி உங்கள் செலவில் கொடுத்தால் விலை 404 ஆகி, லாபம் 10 ரூபாயாகச் சுருங்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

449 சந்தையில் எடுபடாது என்றால் செலவைக் குறைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பார்சலின் பருமன். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அதையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகின்றன. 30 × 25 × 4 அளவுப் பார்சல் தராசில் 380 கிராம் இருந்தாலும் 600 கிராமாகக் கணக்காகி அரைக் கிலோ வரம்பைத் தாண்டிவிடும். நன்றாக மடித்துக் காற்றை வெளியேற்றி உயரத்தை 3 சென்டிமீட்டராக்கினால் 450 கிராம்.

இன்னொன்று அளவுப் பட்டியல். நைட்டி ரிட்டர்னில் "சைஸ் சரியில்லை" என்ற காரணம் அடிக்கடி வரும். எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று மட்டும் போடாமல், தைத்த நைட்டியைத் தரையில் விரித்து மார்புச் சுற்று, தோள், உயரம் மூன்றையும் இஞ்சில் அளந்து படத்தோடு போடுங்கள். ஒரு நைட்டியைத் துவைத்துப் பார்த்து, காட்டன் எவ்வளவு சுருங்குகிறது என்றும் எழுதுங்கள். எட்டு ரிட்டர்ன் நான்கானால், அவற்றில் கெட்டுப்போவதும் ஒன்றாகக் குறைந்தால், நூறு ஆர்டருக்கு 704 ரூபாய் மிச்சம், நின்ற விற்பனையும் நான்கு கூடும்.

இந்தக் கணக்கை உங்கள் செட்டில்மென்ட் அறிக்கையில் ஆர்டர் வாரியாகச் சரிபாருங்கள். ரிட்டர்ன் கெடு முடியாத ஆர்டர்களை அதில் சேர்க்காதீர்கள், அவை இன்னும் விற்பனையாகவில்லை.