பந்தல், பல்லக்கு, போய் வா

வாசலுக்குப் பந்தல் போட்டேன், வந்த சனம் கூடியாச்சு
தாய்மாமன் சேல வந்தாச்சு, தலைநெறைய பூ வச்சாச்சு
பல்லக்கும் வந்து நிக்குது, போய் வாடி என் கண்ணே

விளக்குவதற்காக நாட்டுப்பாட்டுச் சாயலில் கட்டிய வரிகள் இவை. குடியாத்தம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் இதைப் பாடினால், பெண்ணை அனுப்பிவைக்கும் பாட்டு. அடுத்த தெருவில் இறந்து கிடக்கும் ஒரு சுமங்கலியின் தலைமாட்டில் உட்கார்ந்து பாடினால், ஒப்பாரி. ஒரு சொல்கூட மாறவில்லை. பிறகு எது மாறியது?

முதலில் மாறுவது, சொல் சுட்டும் பொருள். பந்தல் இரண்டு வீட்டுக்கும் உண்டு. பூவும் உண்டு, புருஷன் உயிரோடு இருக்கும்போது இறந்தவளைப் பூவும் மஞ்சளும் குங்குமமுமாகத்தான் அனுப்புவார்கள். கல்யாணத்தில் பல்லக்கு என்றால் ஜோடித்த கார், சாவில் பூ சுற்றிய பாடை. பாடையையே பூப்பல்லக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. தாய்மாமன் சேலை அங்கே சீர், இங்கே பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடி. இந்தக் 'கோடி' கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். புதுத்துணி என்பதுதான் அதன் பொருள். கல்யாணக் கனவைப் பாடும் ஆண்டாள் 'மந்திரக்கோடி உடுத்தி' என்கிறாள். அங்கே அது கூறைப்புடவை. இன்று 'கோடி போட்டாங்க' என்றால் சாவுதான் நினைவுக்கு வருகிறது. பாட்டு 'கோடி' என்று சொல்லாமல் 'சேல' என்று நிறுத்திக்கொண்டதால்தான் இரண்டு வீட்டுக்கும் பொருந்துகிறது.

ஆனால் நெஞ்சை அறுப்பது இந்தப் பொருள்கள் அல்ல, 'போய் வா'. வீட்டை விட்டுக் கிளம்பும் யாரும் நம் பக்கம் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்பார்கள். தவறிச் சொன்னால் பாட்டி அங்கேயே திருத்துவாள். 'வா' என்ற துணைக்குள் திரும்பி வருவது என்ற எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. கல்யாணப் பெண்ணுக்கு அது நடக்கிற காரியம்: மறுவீடு, ஆடி, தலை தீபாவளி. செத்தவளுக்கு நடக்காது. கேட்கிறவர் மனம் சொல்லின் நேர்ப்பொருளை எடுக்கிறது, எதிரே கிடப்பதோடு ஒட்டிப் பார்க்கிறது, ஒட்டவில்லை. ஒட்டாததால், 'இவள் இதை ஏன் சொல்கிறாள்?' என்று அடுத்த படிக்குப் போகிறது. அங்கேதான் வாழ்த்து இறைஞ்சலாகிறது. பதில் சொல்ல வேண்டியவள் பேசாமல் கிடப்பது அந்த இறைஞ்சலை இன்னும் கூர்மையாக்குகிறது.

மூன்றாவது, குரல். கல்யாணப் பாட்டு கைதட்டுக்குக் கட்டுப்பட்டது. தட்டு எங்கே விழுகிறதோ அங்கே வரி முடிய வேண்டும். ஒப்பாரி மூச்சுக்குக் கட்டுப்பட்டது. 'போய் வாடி' என்பதன் கடைசி 'டி'யை மூச்சு தீரும்வரை இழுத்துச் சுருதியைக் கீழே இறக்கி, விம்மலில் உடைப்பார்கள். பக்கத்தில் தோள் பிடித்து உட்கார்ந்திருப்பவர்கள் அந்த இழுப்பில் சேர்ந்துகொள்வார்கள். பிரேசில் பழங்குடிகளின் அழுகைப் பாட்டை ஆராய்ந்த மானுடவியலாளர் கிரெக் அர்பன் 1988இல் அழுகையின் அடையாளங்கள் நான்கைப் பட்டியலிட்டார்: விம்மலில் உடையும் குரல், ஒலியோடு இழுக்கும் மூச்சு, கரகரப்பு, உச்சக் குரலில் வரும் உயிரொலி. நம் ஒப்பாரியைக் காது கொடுத்துக் கேட்டால் இவை பிடிபடும். மொழி தெரியாதவருக்கும் 'இது அழுகை' என்று புரிய இவையே போதும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: கல்யாணச் சாவு. பேரன் பேத்தி எடுத்த தொண்ணூறு வயதுக் கிழவி போனால் மேளமும் ஆட்டமுமாகப் பாலாற்றங்கரைவரை கொண்டுபோவார்கள். அங்கே இதே மூன்று வரி கிட்டத்தட்ட கல்யாணப் பொருளிலேயே நிற்கும், கேலியும் கலக்கலாம். இருபது வயதுப் பெண்ணின் சாவில் பாடினால் அதே பந்தல், நடக்காமல் போன கல்யாணத்தின் பந்தலாகிவிடும். ஆக, 'சாவு வீடு' என்று மட்டும் தெரிந்தால் பொருள் முடிவாகாது. யாருடைய சாவு என்பதும் தெரிய வேண்டும்.

பாட்டுச் சேகரிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பாடியவரை இன்னொரு நாள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து வரிகளை மட்டும் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்வார்கள். இழுப்பும் விம்மலும் போய்விடும், தாளில் மிஞ்சுவது கல்யாணப் பாட்டு. எழுதுவதானால் யாரை முன்னிட்டுப் பாடியது, பாடியவருக்கு அவர் என்ன உறவு, இறந்தவர் வயது என்ன, வரியின் எந்த எழுத்து இழுபட்டது என்ற நாலையும் அதே தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். சிலர் சாவு நடக்காத வீட்டுக்குள் ஒப்பாரி பாடவே மாட்டார்கள். வற்புறுத்தாமல், ஊருக்கு வெளியே எங்காவது பாடுவீர்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.