மேல்முறையீட்டில் ‘மேல்’ யார்?

சிங்கப்பூரில் அரசாங்கத்திலிருந்தோ அமைப்பிலிருந்தோ ‘இல்லை’ என்று ஒரு கடிதம் வந்தால், புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடைக்கும் முதல் ஆலோசனை, “அப்பீல் பண்ணிப் பாருங்க.” கார் நிறுத்தியதற்கு வந்த அபராதமா, அப்பீல். பிள்ளைக்குக் கேட்ட பள்ளி கிடைக்கவில்லையா, அப்பீல். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தவரும் “அப்பீல் எழுதிட்டு வந்தேன்” என்றுதான் சொல்வார். பேச்சுக்கு இந்த ஒரு சொல் போதும். ஆங்கிலமும் தமிழும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாகி, இரண்டுக்கும் ஒரே பொருள் இருக்க வேண்டிய கடிதத்தில்தான் சிக்கல். அங்கே அப்பீலுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது?

பெரும்பாலோர் யோசிக்காமல் எழுதுவது ‘மேல்முறையீடு’. நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், அது எங்கே பொருந்தும், எங்கே உறுத்தும் என்பது தெரியும்.

‘முறை’ என்றால் இன்று நமக்கு ஒழுங்கு, வழக்கம், தடவை. பழைய தமிழில் அதற்கு நீதி என்றும் பொருள். ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்ற குறளில் வரும் முறை அந்த முறைதான். அநீதி நடந்தால் “முறையோ!” என்று கூவுவார்கள், அப்படி நீதி கேட்டு நிற்பதே முறையிடுதல். இடு என்ற வினை ‘ஈடு’ என்று நீண்டு பெயராகிறது; படு பாடானது போல, கெடு கேடானது போல. ஆக முறையீடு என்பது நீதி கேட்பது, அவ்வளவுதான். அதில் உயரமும் இல்லை, படிக்கட்டும் இல்லை. மனுநீதிச் சோழன் கதையில் மணியை இழுத்த பசு செய்தது முறையீடு. அதை மேல்முறையீடு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கு முன்னால் யாரும் எந்தத் தீர்ப்பும் சொல்லியிருக்கவில்லை.

‘மேல்’ சேர்ந்ததும் கதை மாறுகிறது. கீழே ஒருவர் முடிவு எடுத்துவிட்டார், அதை ஏற்காமல் அவருக்கு மேலே இருப்பவரிடம் போகிறேன் என்று ஆகிறது. நீதிமன்றங்களுக்கு இது அச்சாகப் பொருந்தும். சிங்கப்பூரின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் மேலே ஒரு காலத்தில் லண்டனில் பிரிவி கவுன்சில் இருந்தது. 1994ல் அந்த வழி முழுவதுமாக மூடப்பட்ட பிறகு, இங்கேயே கடைசிப் படி. “அதுக்கு மேல அப்பீலே கிடையாது” என்று நாம் வீட்டில் அம்மா சொல்லுக்கும் சொல்கிறோமே, அந்தப் பேச்சு வழக்கிலும் அந்த ‘மேல’ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்.

ஆங்கிலச் சொல்லுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதன் லத்தீன் வேருக்கு ஒருவரை விளித்துக் கூப்பிடுவது, துணைக்கு அழைப்பது என்று பொருள். அதனால்தான் ஆங்கிலத்தில் நீதிபதியிடமும் அப்பீல், அதே அதிகாரியிடம் “இன்னொரு தடவை பாருங்கள்” என்று கேட்பதும் அப்பீல், விபத்தைப் பார்த்தவர்கள் முன்வர வேண்டும் என்று போலிஸ் கேட்பதும் அப்பீல். தமிழில் இவை மூன்றும் வேறு வேறு: மேல்முறையீடு, மறுபரிசீலனைக் கோரிக்கை, வேண்டுகோள். ஆங்கிலம் சொல்லாமல் விட்டுவிடலாம். தமிழ் எழுதுகிறவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தொலைபேசி அழைப்பில். ஓர் அமைப்பு, பெயர் வேண்டாம், ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை கொடுக்கிறது. கிடைக்காதவர்களுக்கு அனுப்பும் கடிதத்துக்குத் தமிழ் வடிவம் எழுதித் தருவது என் வேலை. ஆங்கிலக் கடிதத்தின் மூன்றாம் பத்தி, கடிதத் தேதியிலிருந்து 14 நாட்களுக்குள் அப்பீல் செய்யலாம், குழுவின் முடிவு இறுதியானது என்று சொன்னது. நான் எழுதியது இது:

‘இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். குழுவின் முடிவே இறுதியானது.’

இலக்கணப் பிழை இல்லை. படிக்கவும் நன்றாகத்தான் இருந்தது. கடிதம் போன வாரத்தில் ஓர் அம்மா அலுவலகத்துக்கு அழைத்திருக்கிறார். செயலாளர் அழைப்பை என்னிடம் மாற்றிவிட்டார். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: “தம்பி, மேல்முறையீடுன்னு போட்டிருக்கீங்களே, வக்கீல் வைக்கணுமா?” அடுத்தது: “யார்கிட்ட போகணும்? உங்களுக்கு மேல யாரு?”

இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. செயலாளரிடம் கேட்டேன். விண்ணப்பங்களைப் பார்ப்பது மூன்று பேர் கொண்ட குழு. அப்பீல் வந்தால்? அதே மூன்று பேர்தான். புதிதாகச் சம்பளச் சீட்டோ மருத்துவச் செலவுக் கணக்கோ இணைத்திருந்தால் மறுபடி பார்ப்பார்கள், இல்லாவிட்டால் பழைய முடிவே. அப்படியானால் மேலே யாரும் இல்லை. மேலே யாரும் இல்லாத ஒன்றுக்கு நான் மேல்முறையீடு என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்த அம்மாவும் இல்லாத ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

சரி, தமிழை மட்டும் ‘மறுபரிசீலனை’ என்று மாற்றினால் போதுமா? போதாது. ஆங்கிலத்தில் அப்பீல் என்றே இருந்தால், இரண்டையும் வைத்துப் படிக்கும் மகனோ மகளோ ஆங்கிலத்தில் பெரிய உரிமையும் தமிழில் சின்ன உரிமையும் சொல்லியிருப்பதாக நினைக்கலாம். பிசகு ஆங்கிலத்தில்தான் தொடங்கியது. நடக்கும் வேலை மறுபடி பார்ப்பது என்றால், ஆங்கிலத்திலும் ‘ரிவியூ’ என்றுதான் இருக்க வேண்டும். செயலாளர் முதலில் தயங்கினார். பல வருட வாசகம் அது. மூன்று பேர் குழு பற்றி அவரே சொன்னதைத் திருப்பிச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். தமிழ் வடிவத்தை ஆங்கிலக் கடிதம் கையெழுத்தாவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் கிடைத்ததில்லை. கையெழுத்தான பிறகு வந்தால், தமிழ் எழுதுகிறவரின் கையில் ஒன்றும் இருக்காது.

அந்தப் பத்தியைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் இன்னும் இரண்டு கோளாறுகள் கண்ணில் பட்டன. இரண்டும் என்னுடையவை. ஒன்று, ‘கிடைத்த 14 நாட்களுக்குள்’. ஆங்கிலம் சொன்னது கடிதத்தின் தேதியிலிருந்து. நான் எழுதியது கைக்கு வந்த நாளிலிருந்து. தபால் மூன்று நாள் தாமதமானால் தமிழ் படித்தவருக்கு மூன்று நாள் கூடுதல் கிடைக்கும். ஆனால் அலுவலகம் ஆங்கிலக் கணக்கைத்தான் வைத்திருக்கும். இதற்குச் சுலபமான வழி நாள் எண்ணும் வேலையையே எடுத்துவிடுவது. மார்ச் 3 தேதியிட்ட கடிதம் என்றால், அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 14ஆம் நாள் மார்ச் 17. இங்குள்ள சட்டங்களில் நாள் கணக்கிடும் பொது விதியும் தொடக்க நாளைச் சேர்ப்பதில்லை. அதனால் இரண்டு மொழியிலும் ‘மார்ச் 17க்குள்’ என்றே போட்டோம். தேதிக்கு மொழிபெயர்ப்பு கிடையாது.

இரண்டாவது, ‘முடிவே’ என்பதில் இருக்கும் அந்த ஏகாரம். ஆங்கிலத்தில் அந்த அழுத்தம் இல்லை. ‘குழுவின் முடிவே இறுதியானது’ என்று தமிழில் படிக்கும்போது, நீ என்ன சொன்னாலும் கேட்க மாட்டோம் என்ற தொனி வந்துவிடுகிறது. உதவி மறுக்கப்பட்ட ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் அது தேவையில்லாத முறைப்பு. ஒரு எழுத்தை எடுத்தால் சரியாகிவிடும். கடைசியில் நின்ற வடிவம் இது:

‘இம்முடிவை மறுபரிசீலனை செய்யும்படி மார்ச் 17க்குள் நீங்கள் எழுத்து மூலம் கோரலாம். உங்கள் சூழ்நிலையைக் காட்டும் புதிய ஆவணங்களை இணையுங்கள். கோரிக்கையை உதவித்தொகைக் குழு மீண்டும் பரிசீலிக்கும். அதன் பிறகு குழு எடுக்கும் முடிவு இறுதியானது.’

பழையதைவிட நீளம்தான். ஆனால் யார் பார்ப்பார், எதை வைத்துப் பார்ப்பார் என்பது இரண்டு மொழியிலும் வந்துவிட்டது. ‘விண்ணப்பிக்கலாம்’ என்று எழுதாமல் ‘கோரலாம்’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. இதே கடிதத்தின் முதல் பத்தியில் விண்ணப்பம் என்பது அவர் முதலில் கொடுத்த படிவத்தைக் குறிக்கிறது. மறுபடியும் அதையே சொன்னால் புதுப் படிவம் நிரப்ப வேண்டுமோ என்று கேட்பார்கள். (கோயில் கல்வெட்டுகளில் பதிகம் பாடுவதைக்கூட ‘திருப்பதியம் விண்ணப்பம் செய்வது’ என்றுதான் பொறித்திருக்கிறார்கள். இன்று அந்தச் சொல் படிவத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, நாம் என்ன செய்ய.)

எல்லா நேரமும் ஆங்கிலத்தை மாற்றச் சொல்ல முடியாது. சட்டத்திலோ அரசாங்க அமைப்பின் அறிவிப்பிலோ அப்பீல் என்று நிலைத்துவிட்டால், தமிழில் மேல்முறையீடு என்றே போட வேண்டியிருக்கும். படிவத்தின் தலைப்பும் இணையப் பக்கமும் அப்படியே இருக்கும்போது நாம் மட்டும் வேறு சொல் வைத்தால் வாசகர் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார். அந்த மாதிரி இடங்களில் முதல் தடவை மட்டும் விளக்கத்தோடு எழுதுவேன்: ‘இம்முடிவை மறுபடி பரிசீலிக்கும்படி மேல்முறையீடு செய்யலாம், இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.’ கடைசி மூன்று சொற்களை ஆங்கிலத்திலும் சேர்க்கச் சொல்லிக் கேட்பேன். சேர்த்தால்தான் தமிழிலும் இருக்கும், இல்லையென்றால் எடுத்துவிடுவேன். ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் வாக்குறுதி ஆபத்தானது. அரசாங்கத் துறைப் பெயரும் திட்டப் பெயரும் வந்தால், 2022ல் தொடங்கிய SG Translate Together தளத்தில் எப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. நம் ஊரில் ‘அமைச்சு’, தமிழ்நாட்டில் ‘அமைச்சகம்’. அங்கிருந்து எடுத்து ஒட்டிய வாசகம் இதில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், இலங்கை ஆவணங்களில் ‘மேன்முறையீடு’ என்று பார்த்தால் அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். லகரத்துக்குப் பின் மகரம் வந்தால் லகரம் னகரமாகும், கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவது போல. புணர்ச்சி விதிப்படி அதுதான் சரியான வடிவம். சிங்கப்பூரில் நிலைத்தது மேல்முறையீடு. இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். இடைவெளி விட்டால் வரி முடிவில் ‘மேல்’ தனியாக ஒரு வரியிலும் ‘முறையீடு’ அடுத்த வரியிலும் போய் நிற்கும்.